ஐந்தாவது இடத்தில் ஒரு வட்டம்

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருந்தது, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட அங்கே ஆள் கிடையாது. பதினோரு வருடமாக அவள் செய்த வேலை அப்படி. வீட்டில் கரண்ட் போனால் விளக்கும் விசிறியும் ஓடுவதற்கு வாங்கி வைக்கிறார்களே பேட்டரிப் பெட்டி, அதைச் செய்யும் கம்பெனியின் சேவைப் பிரிவு அது. பெட்டியில் ஏதாவது கோளாறு என்றால் வாடிக்கையாளர் அதன் சீரியல் நம்பரை போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அந்தப் போட்டோவைப் பார்த்து, நம்பரைப் படித்து, கணினியில் தட்ட வேண்டும். மங்கலோ, நடுக்கமோ, பாதி அழிந்ததோ, எதுவாக இருந்தாலும் கடைசியில் அவளிடம்தான் வரும்.

அவளுக்கு அருவருப்பு கொஞ்சம் ஜாஸ்தி. அதை ஒளித்து வைக்கிற பழக்கமும் இல்லை. ஜனங்கள் போட்டோ எடுக்கிற லட்சணத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் குமட்டாது? பெட்டியின் மேல் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. அதைத் துடைக்க வேண்டும் என்று தோன்றாது, எச்சிலைத் தொட்டு நம்பர் இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு இழுப்பு இழுத்திருப்பார்கள். ஸ்டிக்கர் ஓரத்தில் பல்லி முட்டை. நம்பரைச் சுட்டிக் காட்டுகிறேன் பேர்வழி என்று அழுக்கு நகத்தோடு ஒரு கட்டைவிரல், அதுவும் சரியாக நம்பரின் பாதியை மறைத்துக்கொண்டு. ஒருத்தர் செத்த கரப்பானைக்கூட நகர்த்தாமல் எடுத்து அனுப்பியிருந்தார். அது ஏழாவது எழுத்தின் மேல் மல்லாந்து கிடந்தது.

மதியம் சாப்பிடப் போகுமுன் அவள் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவாள். வீட்டிலும் இதே கதை. லாரிக்கு டயர் மாற்றுகிற கடையில் வேலை பார்க்கும் அவள் கணவன், கிரீஸ் கையோடு வாசலில் நின்று சிரிப்பான்.

"ஏம்மா, அழுக்கோட புரள்றவன் நானு. கை கழுவுறது நீயா? போட்டோவுல இருந்து அழுக்கு ஒட்டுமா?"

"கண்ணுல ஒட்டுது. அதைக் கழுவ முடியல, அதான் கையைக் கழுவுறேன். நீ முதல்ல குளிச்சுட்டு உள்ள வா."

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது பூஜ்யமும் ஆங்கில ஓவும். ஸ்டிக்கரில் அச்சடித்தவன் எந்த எழுத்துருவில் அடித்தானோ, இரண்டும் வட்டம். நேரில் பார்த்தால் பூஜ்யம் கொஞ்சம் ஒல்லி, ஓ கொஞ்சம் குண்டு. போட்டோவில் அந்த வித்தியாசம் போயே போய்விடும். பெட்டி மூலையில் இருக்கிறது என்று பக்கவாட்டிலிருந்து எடுத்தால் குண்டு ஓவும் ஒடுங்கிப் பூஜ்யமாகிவிடும். ஒன்றும் சின்ன எல்லும் அதைவிட மோசம், இரண்டும் வெறும் குச்சி. தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், பாதிப் பேர் பூஜ்யத்தையே 'ஓ' என்றுதான் படிப்பார்கள். கேட்டவர் காது புண்ணானதுதான் மிச்சம்.

இதற்கு வழி கண்டுபிடித்தவள் அவளேதான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், கம்பெனி நம்பர்களை நூற்றுக்கணக்கில் எழுதிப் பார்த்து ஒன்றைக் கவனித்தாள். நம்பரில் மொத்தம் பதினொரு இடம். முதல் இரண்டு இடத்தில் எழுத்து. மிச்ச ஒன்பதிலும் எண்தான், எழுத்து வந்ததே இல்லை. அப்படியென்றால் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள்: 'மூன்றாம் இடத்திலிருந்து, வட்டம் வந்தால் பூஜ்யம். குச்சி வந்தால் ஒன்று.' பிரிவே அவளைக் கொண்டாடியது. அன்றைய மேலாளர் கைதட்டச் சொன்னார். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் காட்டுவதே அந்தத் தாளைத்தான். ஓரம் கிழிந்ததும் அதை அவளே பிளாஸ்டிக் உறை போட்டு மறுபடி ஒட்டினாள்.

அப்புறம் கம்பெனி இன்னொரு தொழிற்சாலையை வாங்கியது. இவர்களுக்கு அது செய்தியாக வந்தது, இனிப்பாக வந்தது, நம்பர் எப்படி மாறும் என்ற தகவலாக மட்டும் வரவில்லை.

புதுத் தொழிற்சாலைப் பெட்டிகளில் சில உப்புகின்றன, ஒன்றிரண்டு எரிந்தும் போயின என்று புகார் கிளம்பியபோது கம்பெனி அறிவிப்புக் கொடுத்தது. 'உங்கள் பெட்டியின் சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பழுதான தொகுதியைச் சேர்ந்ததா என்று சொல்கிறோம்.' ஒரே வாரத்தில் போட்டோக்கள் வந்து குவிந்தன. நம்பரைத் தட்டினால் கணினி சிவப்போ பச்சையோ காட்டும். சிவப்பு என்றால் பெட்டியைத் திரும்ப எடுக்க ஆள் போகும். பச்சை என்றால் வாடிக்கையாளருக்குத் தானாக ஒரு செய்தி போகும்: 'உங்கள் பேட்டரி பாதுகாப்பானது. கவலையின்றிப் பயன்படுத்துங்கள்.' ஒரு போட்டோவுக்கு நாற்பது நொடி. அதைத் தாண்டினால் திரையின் ஓரத்தில் கடிகாரம் துடிக்கும், அது மேலாளரின் திரையிலும் துடிக்கும். பழுதான நம்பர்களின் பட்டியலை இவர்கள் கண்ணில் காட்டவில்லை. வெளியே போய்விடுமாம்.

அந்த வாரம் 'இப்படி ஒரு நம்பரே இல்லை' என்று கணினி அடிக்கடி சொன்னது. கடைசி இடத்தில் ஒன்று போட்டுத் தட்டிய நம்பர்களுக்குத்தான் பெரும்பாலும் அப்படி வந்தது. அவள் என்ன செய்தாள்? போலிப் பெட்டி வாங்கிவிட்டு இங்கே வந்து உயிரை வாங்குகிறார்கள் என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் திட்டிவிட்டு, 'தெளிவான படம் அனுப்பவும்' என்று திருப்பி விட்டாள். பதினோரு வருட அனுபவம். அந்தக் குச்சி ஒன்றாக இல்லாமல் வேறேதாவதாக இருக்கலாம் என்று அந்த அனுபவத்துக்கு உறைக்கவே இல்லை.

இரண்டாம் வாரம் புதன்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். ஒரு போட்டோ வந்தது, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல. துடைத்த பெட்டி, நேர்கோணம், நல்ல வெளிச்சம். அனுப்பியவர் ஒரு மருந்துக்கடைக்காரர். அவள் சந்தோஷமாகத் தட்டினாள். கணினி பச்சையும் காட்டவில்லை, சிவப்பும் காட்டவில்லை. 'இந்த நம்பர் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டது' என்றது. எட்டு நாள் முன்பு, வேறொரு வாடிக்கையாளர் பெயரில். சரிபார்த்தது யார் என்ற இடத்தில் இவள் பெயர்தான் இருந்தது.

ஒரே நம்பரில் இரண்டு பெட்டி எப்படி இருக்க முடியும்? அவள் பழைய போட்டோவைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பழையது ஒரு கட்டிலுக்கு அடியில் கையை நீட்டிப் பக்கவாட்டில் எடுத்தது. ஒட்டடை, ஒரு ஒற்றைச் செருப்பு, சுருண்டு கிடந்த ஒரு துணி. ஐந்தாவது இடத்தில் ஒரு வட்டம். பூஜ்யம்தானே? அதே நம்பரில் எட்டாவது இடத்திலும் ஒன்பதாவது இடத்திலும் பூஜ்யம் இருந்தது. படத்தைப் பெரிதாக்கி, ஒரு தாளின் விளிம்பைத் திரையில் வைத்து அகலத்தைக் குறித்தாள். எட்டும் ஒன்பதும் ஒரே அகலம். ஐந்து அதைவிட அகலம். சாய்வில் எல்லாமே ஒடுங்கியிருந்தன, ஐந்து மட்டும் குறைவாக ஒடுங்கியிருந்தது. மருந்துக்கடைக்காரரின் படத்திலோ மூன்று வட்டமும் அச்சு அசலாக ஒரே அகலம்.

ஐந்தாம் இடத்தில் ஓ எழுத்தைப் போட்டுத் தட்டினாள். திரை சிவந்தது.

கடிகாரம் துடிக்க ஆரம்பித்து எவ்வளவு நேரமோ தெரியாது. அவளுக்கு வாயில் புளிப்பாக ஏதோ ஊறியது. சுவரில் பளபளவென்று உறைக்குள் இருந்த அந்தத் தாளைப் பார்த்தாள். கரப்பானைப் பார்த்தபோதுகூட அவளுக்கு இப்படி வரவில்லை.

அந்த வீட்டு எண்ணுக்குத் தன் கைப்பேசியிலிருந்தே போன் போட்டாள். எடுத்தவள் அந்த வீட்டு மருமகள். பின்னால் ஒரு இயந்திரம் சீராக மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"அதான் பாதுகாப்பானதுன்னு மெசேஜ் அனுப்பிட்டீங்களே. இப்ப என்னம்மா?"

"மேடம், அந்த நம்பரை நாங்க தப்பாப் படிச்சிருக்கலாம். நம்பருக்குக் கீழ கோடு கோடா பார்கோடு இருக்கும். அதை மட்டும் நேரா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, ப்ளீஸ்."

"எழுதி அனுப்பினதை நம்புறதா, போன்ல நீங்க சொல்றதை நம்புறதா? எங்க மாமனார் ஆக்சிஜன் மெஷின்ல இருக்காரு. கரண்ட் போனா அந்தப் பெட்டிதான் அவருக்கு உயிரு. அதைச் சும்மா சும்மா இழுத்துட்டு இருக்க முடியாது."

"இழுக்க வேண்டாம். குனிஞ்சு ஒரு போட்டோ. நான் தப்புப் பண்ணியிருந்தா என்னைத் திட்டுங்க, வாங்கிக்கறேன்."

போட்டோ வந்தது. பார்கோடுக்கு எழுத்துருவும் கிடையாது, குண்டு ஒல்லியும் கிடையாது. கோடுகளின் கனம் வேறு, இடைவெளி வேறு, பூஜ்யத்துக்கு ஒரு அடுக்கு, ஓவுக்கு இன்னொரு அடுக்கு. அவள் தன் கைப்பேசியிலிருந்த ஸ்கேனரைத் திரைக்கு நேராகப் பிடித்தாள். அது கண நேரத்தில் படித்துச் சொன்னது. ஐந்தாம் இடத்தில் எழுத்து ஓ. பதினோரு வருடமாக ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் இந்தக் கோடுகள் இருந்தன. முதல் நாளே 'பார்கோடை எடுத்து அனுப்புங்கள்' என்று கேட்டிருக்கலாம். கேட்டால் ஜனங்களுக்குச் சிரமமாம், நாற்பது நொடி போதாதாம்.

"மேடம், கவனமாக் கேளுங்க. பெட்டி பக்கவாட்டுல உப்பியிருக்கா?"

அந்த மருமகள் கட்டிலுக்கு அடியில் குனிகிற சத்தம் கேட்டது. "ஆமா. வயிறு மாதிரி லேசா. இது முன்னாடி இப்படி இல்லையே... தொட்டா சுடுது."

"தொடாதீங்க. நகர்த்தாதீங்க. முதல்ல அவரை வெளிய கொண்டு வாங்க. மாற்று சிலிண்டர் இருக்கா?"

"ஒரு சின்னது இருக்கு. அவரை எப்படிம்மா நான் தனியா..."

"பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிடுங்க. கட்டிலோட இழுங்க. மெஷினை நிறுத்திடுங்க, அந்த ரூம்ல ஆக்சிஜன் இருக்கக் கூடாது. மெயின் ஸ்விட்சை அணைச்சுடுங்க. வெளிய வந்ததும் தீயணைப்புக்குப் போன் பண்ணுங்க. நானும் பண்றேன். இப்ப வையுங்க, வையுங்க."

அவள் தீயணைப்பு நிலையத்துக்கு விலாசத்தைச் சொல்லி முடித்து, ஐந்தாம் இடத்தில் பூஜ்யம் போட்டுப் பச்சை வந்ததையெல்லாம் கணினியில் தேடி எண்ணிவிட்டு நிமிர்ந்தபோது மேலாளர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவளைவிடப் பத்து வயது சின்னவன், சட்டையில் சுருக்கமே விழாத ஜாதி. எல்லாவற்றையும் கேட்டான். முகத்தில் ஒரு இரக்கத்தை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"நல்ல வேளை பிடிச்சீங்கக்கா. இதை ஒரு தனி கேஸா மூடிடலாம். 'வாடிக்கையாளர் அனுப்பிய படம் தெளிவில்லை'ன்னு காரணம் போட்டுருங்க."

"தனி கேஸா? அஞ்சாம் இடத்துல வட்டம் வந்த எல்லாத்துக்கும் பூஜ்யம்தானே போட்டிருக்கோம்? எத்தனை பேருக்குப் பச்சைச் செய்தி போயிருக்கு, தெரியுமா? இப்பத்தான் தேடிப் பார்த்தேன். ஆயிரத்து நூத்து நாப்பது."

"அதுல முக்கால்வாசி உண்மையிலேயே பூஜ்யமா இருக்கும்."

"மிச்சக் கால்வாசி?"

"தரப் பிரிவுக்கு எழுதுவோம். அவங்க ஆராய்ஞ்சு சொல்லட்டும். ஒரு வாரம். இப்ப எல்லாருக்கும் செய்தி அனுப்பினா பீதி கிளம்பிடும்க்கா. கம்பெனி பேரு நாறிடும்."

"பேட்டரி எரிஞ்சா மணக்குமா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "நான் உங்களுக்காகத்தான் சொல்றேன். ஆராய்ச்சி, விசாரணைன்னு வந்தா முதல்ல எதை எடுப்பாங்க? சுவத்துல இருக்கிற அந்தத் தாளைத்தான். அது யார் எழுதினது? எல்லாருக்கும் தெரியும்."

சொல்லிவிட்டு அவள் தோளைத் தட்டிக் கொடுத்தான். அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் போல அவளுக்கு இருந்தது. ஆனால் அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அதைவிடக் குமட்டியது. இத்தனை நாள் அடுத்தவர் வீட்டுத் தூசியையும் நகத்தையும் பார்த்து முகத்தைச் சுளித்தாளே, அவர்கள் அனுப்பிய படம் அழுக்காக இருந்ததே தவிர அதில் இருந்தது உண்மை. துடைத்துப் பளபளவென்று பொய்யை எழுதிச் சுவரில் ஒட்டியவள் அவள். எழுதியபோது அது பொய் இல்லை என்று மனசு சமாதானம் சொல்லப் பார்த்தது. அந்தச் சமாதானமும் அவன் முகத்து இரக்கம் மாதிரியே இருந்தது. தூ என்று துப்பலாம் என்றால் அலுவலகத்தில் இடமில்லை.

பச்சைச் செய்தியைத் திரும்பப் பெறுவதற்குச் சரிபார்த்தவருக்கு உரிமை உண்டு. தப்பான விலாசத்துக்குப் போய்விட்டால் திருத்துவதற்காக வைத்த வசதி அது. ஆனால் அவரவர் சரிபார்த்ததை மட்டும்தான் திருத்த முடியும். ஆயிரத்து நூற்று நாற்பதில் அவள் கையால் போனது நானூற்றுப் பன்னிரண்டு. மேலாளர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தியதும் அவள் நானூற்றுப் பன்னிரண்டையும் தேர்ந்தெடுத்தாள். 'நாங்கள் முன்பு அனுப்பிய செய்தி தவறாக இருக்கலாம். பெட்டியின் இணைப்பைக் கழற்றி, ஆட்கள் இல்லாத திறந்த இடத்தில் வையுங்கள். உப்பியிருந்தாலோ சுட்டாலோ தொடாமல் வெளியேறித் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். பார்கோடைப் படமெடுத்து அனுப்புங்கள்.' கீழே தன் பெயரைத் தட்டினாள். அடையாள அட்டையில் இருந்த முழுப் பெயரை. அனுப்பினாள்.

பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா பண்ணிட்டீங்க? வேலை போயிடும்."

"உன் பேர்ல எத்தனை?"

பக்கத்து சீட்டுக்காரி தன் பெயரில் போனதைத் தேடிப் பார்த்தாள். திரையையும் மேலாளரின் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக மௌஸை எடுத்தாள். மூன்றாவது வரிசையில் இன்னொருத்தி நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து, செய்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனாள்.

மேலாளரின் அறைக்குள் தொலைபேசி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. கதவு திறந்தது. "யார் அனுப்பச் சொன்னது?" என்று அவன் போட்ட கூச்சலில் பிரிவே எழுந்து நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை. அவன் இன்னும் ஏதேதோ சொன்னான், பொருட்களை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னான், மேலிடத்திலிருந்து கடிதம் வரும் என்றான். அவள் காதில் பாதிதான் விழுந்தது, ஏனென்றால் அவள் கைப்பேசி அடித்தது. அந்த மருமகள்தான்.

"மேடம்! மேடம், நீங்கதானே?"

"நான்தான். மாமனார் எப்படி இருக்காரு?"

"வெளிய இருக்காரு, நல்லா இருக்காரு. நாலு பேர் கட்டிலோட தூக்கிட்டு வந்தாங்க. வந்து கொஞ்ச நேரத்துலேயே உள்ள புகை. தீயணைப்புக்காரங்க அதைக் கம்பியால இழுத்து வெளிய போட்டாங்க. அந்த ரூம் சுவரு பூரா கருகிப்போச்சு. இன்னும் கொஞ்சம் நேரம் ஆகியிருந்தா... நீங்க தெய்வம் மாதிரி வந்தீங்க."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க."

"சொல்லாம? என் வீட்டுக்காரர் ஆரம்பத்துல இருந்தே பயந்தாரு. பேப்பர்ல படிச்சதும் அந்தப் பெட்டியைத் தூக்கி பால்கனில வச்சுட்டாரு, நீள ஒயர் இழுத்து. ஒரு வாரம் அங்கதான் இருந்துச்சு. நம்பரைக் கேட்டீங்கன்னுதான் ஒரு நாள் உள்ள கொண்டு வந்து, கட்டிலுக்கு அடியில வச்சுப் போட்டோ எடுத்தோம். அப்பவும் திருப்பி வெளிய வைக்கணும்னுதான் சொல்லிட்டு இருந்தாரு. அதுக்குள்ள உங்க மெசேஜ் வந்துச்சு, கவலைப்படாமப் பயன்படுத்துங்கன்னு. அதை நான்தான் அவருக்குப் படிச்சுக் காட்டி, கட்டிலுக்கு அடியிலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். நீங்க மட்டும் போன் பண்ணலைன்னா! உங்க கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும் மேடம். எந்த ஆபீஸ்ல இருக்கீங்க? சொல்லுங்க, நாளைக்கே வர்றேன்."

மேலாளர் எதிரே நின்று கையை நீட்டி அடையாள அட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் அதைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள்.

"வராதீங்க," என்றாள் போனில். "அந்த மெசேஜ் அனுப்பினது நான்தான்."

 மறுமுனையில், அந்த மருமகளின் பக்கத்தில் யாரோ இருமுவது மட்டும் கேட்டது.